கருவாட்டுக் கிட்டங்கியும் மக்ரூன் டப்பாவும்

போன வாரம் பழைய அலுவலக நண்பர் ஒருவரின் மகன் தூத்துக்குடியிலிருந்து வந்தான். வெறுங்கையோடு வராமல் ஓர் அட்டைப்பெட்டி மக்ரூன் கொண்டுவந்து மேசையில் வைத்தான். ரயிலில் யாரோ அதன்மேல் உட்கார்ந்திருக்க வேண்டும். பாதி தூளாகியிருந்தது. மீதிப் பாதி, மூடி திறந்து காற்று பட்டதில் நமுத்துப் போயிருந்தது. பையன் சங்கடப்பட்டான். நான் படவில்லை. ஒரு சிட்டிகைத் தூளை எடுத்து வாயில் போட்டேன். முந்திரியும் சீனியும் கரைந்து, அடிநாக்கில் லேசாக விறகுப் புகை வாசம் வருகிறதா என்று தேடினேன். வரவில்லை. ஆனால் அதற்குப் பதிலாக, உங்களால் நம்ப முடியாது, சீலாக் கருவாட்டு வாசம் வந்தது.

மூக்கு சில சமயம் இப்படித்தான் கணக்குத் தப்பிப் பட்டுவாடா செய்யும். மக்ரூன் என்றால் எனக்குக் கருவாடு. கருவாடு என்றால் சூசை அண்ணாச்சி. சொல்லிவிடுகிறேன், கேளுங்கள்.

எழுபதுகளின் நடுவில் நான் தூத்துக்குடியில் ஒரு கிளியரிங் ஏஜெண்ட் ஆபீசில் கிளார்க். புதுத் துறைமுகம் அப்போதுதான் வேலை செய்யத் தொடங்கியிருந்தது. ஊரில் வேலைக்கு ஆள் வந்து குவிந்ததே தவிர, ஆட்கள் தங்க வீடு குவியவில்லை. மாட்டுத் தொழுவத்தை வெள்ளையடித்து ‘போர்ஷன்’ என்று பெயர் வைத்து விட்டுக்கொண்டிருந்த காலம். தாமிரபரணிக் கரையில் வயலும் வாய்க்காலுமாகக் கிடந்த எங்கள் ஊரிலிருந்து புதுப் பெண்டாட்டியை அழைத்துக்கொண்டு வந்த எனக்கு, கடற்கரைக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு மாடி வீடு கிடைத்தது என்றால் அது முன்ஜென்மப் பலன். ஒரு கூடம், ஓர் அறை, ஓர் அடுக்களை. அதற்கு மேலே மொட்டைமாடி. சன்னலைத் திறந்தால் கடல் தெரியாது, ஆனால் கடல் இருப்பது தெரியும். துவைத்துக் காயப்போட்ட வேட்டியில் உப்புப் படிந்து, மடித்தால் அப்பளம் மாதிரி முறுகும்.

கீழ்வீட்டில் இருந்த வீட்டுக்காரர்தான் சூசை அண்ணாச்சி. தோணித் தண்டலாக இருந்து ஓய்ந்தவர். தண்டல் என்றால் தோணியின் தலைவன். பாய்மரத் தோணியில் சரக்கேற்றிக்கொண்டு கொழும்புக்குப் போய்த் திரும்புவதையே வாழ்க்கையாக வைத்திருந்தவர். தோணியை விட்டு இறங்கிய பிறகும் அவர் தோணியை விட்டு இறங்கவில்லை. வீட்டையே தோணியாக நடத்தினார். விடியுமுன் எழுந்து மாடிக்குப் போய்க் காற்று எந்தப் பக்கம் என்று பார்ப்பார். வாடையா, கொண்டலா, கச்சானா என்று தெரிந்தால்தான் அடுத்த வேலை. அவருடைய மனைவி மதலேன் அக்கா, “காத்து எங்க அடிச்சா என்ன, தண்ணி இறைக்கணும்லா” என்பார். கப்பலில் தண்டலுக்கு மேலே ஒருவர் உண்டு என்று தெரிந்துகொண்டேன்.

கிணற்றுக் கயிற்றில் அண்ணாச்சி போட்ட முடிச்சு நான் எந்தப் பக்கம் இழுத்தாலும் இறுகும், அவர் தொட்டால் அவிழும். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. பழைய வீடு, கடலிலிருந்து வெட்டி எடுத்த கடல் கல்லில் கட்டியது, ஒரு ஆணிக்கு ஒரு கூடை சுண்ணாம்பு உதிரும். அதனால் எங்கள் வீட்டில் காலண்டர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. இதையெல்லாம் நாங்கள் குறையாக நினைக்கவில்லை. வந்த புதிதில் அண்ணாச்சியும் நானும் நல்ல சிநேகம்தான். மாசம் பிறந்ததும் வாடகையைக் கையில் கொடுப்பேன். வாங்கிக்கொண்டு, ‘வரப்பெற்றேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார். கூடவே கொழும்புத் துறைமுகத்துக் கதை ஒன்று இலவசம்.

சண்டை வந்தது மொட்டைமாடியில்.

மாடி பொது என்றுதான் பேச்சு. அண்ணாச்சி அங்கே கருவாடு காயப்போடுவார். வியாபாரத்துக்கு இல்லை, வீட்டுக்கும் சொந்தக்காரர்களுக்கும். சீலா மீனைக் கீறி, உப்புக் கட்டி, ஓலைப்பாயில் வரிசையாகப் பரத்தி, காற்றுக்குத் தகுந்தபடி பாயைத் திருப்பிப் போடுவார். நாங்களோ பரம்பரைச் சைவம். என் மனைவி செண்பகம் பொறுத்துக்கொண்டாள். எனக்கும் ஆறு மாதத்தில் மூக்கு பழகிவிட்டது. ஆனால் அந்த ஆவணியில் செண்பகத்துக்கு மசக்கை வந்தது. மசக்கைக்காரிக்குத் துணையாக அவள் அம்மா, என் அத்தை, ஊரிலிருந்து வந்து இறங்கினாள்.

அத்தையைப் பற்றி மரியாதையாகச் சொல்ல வேண்டுமென்றால், ஒளிவுமறைவு இல்லாதவள். மனதில் ஒன்று தோன்றினால் அது வாய்க்கு வர இடைவழியில் எங்கும் நிற்காது. குரலும் வயல்காட்டுக் குரல். இந்த வரப்பிலிருந்து அந்த வரப்புக்குப் பேசிப் பழகியது. வந்த அன்றே சேலை காயப்போட மாடிக்குப் போனாள். நான் கீழே கிணற்றடியில் இருந்தேன். அண்ணாச்சி வாசலில் உட்கார்ந்து வலைக்கண் போட்டுக்கொண்டிருந்தார். மேலேயிருந்து குரல் வந்தது.

“ஏளா செம்பகம், இது வீடாளா, கருவாட்டுக் கிட்டங்கியா? வாயும் வயிறுமா இருக்கவ இங்கன மூச்சு விடவா?”

கிட்டங்கி என்றால் சரக்கு அடைக்கும் இடம். துறைமுகத்துக்காரர்களுக்குத் தினம் புழங்கும் சொல்தான். ஆனால் அன்றைக்கு அது மாடியிலிருந்து விழுந்த வேகத்தில் அண்ணாச்சியின் கை நின்றுவிட்டது. என்னை ஒருமுறை பார்த்தார். நான் வாளியைப் பார்த்தேன். அவர் எழுந்து உள்ளே போனார்.

மாலையில் ஆபீஸ் விட்டு வந்தபோது படிக்கட்டில் எனக்காக நின்றார்.

“தம்பி, எங்க அப்பன் கட்டுன வீடு இது. கிட்டங்கின்னு சொல்லக் கேக்க நான் உயிரோட இருக்கேன் பாரும். காலி பண்ணிரும்வே.”

அத்தை தெரியாமல் சொல்லிவிட்டாள் என்றேன். தெரிந்துதான் சொன்னாள் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். மறுநாளே அத்தை ஊருக்குப் போய்விட்டாள், குண்டைப் போட்டுவிட்டு விமானம் திரும்புவது மாதிரி.

அடுத்த மாதம் வாடகை கொண்டுபோனபோது அண்ணாச்சி கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். வாங்க மாட்டாராம். வாடகை வாங்கினால் நான் இருக்கலாம் என்று அவர் ஒப்புக்கொண்டதாகுமாம். நானும் வீடு தேடாமல் இல்லை. கிடைத்ததெல்லாம் ஒன்று உப்பளத்துப் பக்கம், இல்லையென்றால் பிள்ளை பிறக்கப்போகிறது என்றதும் கதவைச் சாத்துகிற வீடு. ஐந்தாம் மாசத்துக்காரியை எங்கே கொண்டுபோய் வைப்பது?

எங்கள் ஆபீசில் நடராஜன் என்று ஒரு சீனியர் கிளார்க். தன் வீட்டுக்காரரோடு வெகுகாலம் வழக்காடியதில் பாதி வக்கீல் ஆனவர். அவர் விவரமாகச் சொன்னார். வீட்டுக்காரர் வாயால் சொன்னதற்காகக் காலி பண்ண வேண்டியதில்லை. வாடகைக் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் மனுப் போட்டு, காரணம் காட்டி, உத்தரவு வாங்கித்தான் காலி பண்ணவைக்க முடியும். ஆனால் வாடகை கொடுக்கவில்லை என்பது ஒரு நல்ல காரணம். அவர் வாங்காமல் இருப்பதும், நான் கொடுக்காமல் இருப்பதும் கோர்ட்டுக்கு ஒன்று போலத்தான் தெரியும். அதனால் எந்த வங்கியில் கட்ட என்று எழுத்தில் கேள், பதில் வராவிட்டால் மணியார்டரில் அனுப்பு, கமிஷனை வாடகையிலேயே கழித்துக்கொள், அதையும் மறுத்தால் கோர்ட்டில் கட்டலாம், என்றார். முதல் தடவையாக என் வாழ்க்கையில் ஒரு சுவாரசியம் வந்துவிட்டதைப் போல அவர் கைகளைத் தேய்த்துக்கொண்டது ஞாபகம் இருக்கிறது.

கேட்டு எழுதினேன். பதில் வரவில்லை. மணியார்டர் அனுப்பினேன்.

நினைத்துப் பாருங்கள். நான் மாடியில், அவர் கீழே. நடுவில் பதினைந்து படி. நான் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் தபாலாபீசுக்கு நடந்து, வரிசையில் நின்று, என் காலுக்கு நேர் கீழே வசிக்கிற மனிதருக்குப் பணம் அனுப்பினேன். தபால்காரர் பொன்னையா அதைக் கொண்டுவந்து கீழ்வீட்டு வாசலில் நீட்டினார். அண்ணாச்சி, “வேண்டாம்” என்றார். பொன்னையா அதைத் தபாலாபீசுக்குக் கொண்டுபோய், ‘வாங்க மறுத்தார்’ என்று எழுதி, மறுநாள் அனுப்பினவருக்குத் திருப்பித் தர அதே வாசல் வழியாக மாடிக்கு ஏறினார். இரண்டாம் மாதம் அவர் என்னிடம், “சார், உங்க ரெண்டு பேருக்கும் சண்டைன்னா நீங்களே அடிச்சிக்கிடக் கூடாதா, என் மூட்டு தேயுதே” என்று கேட்டார். நியாயமான கேள்வி.

மணியார்டர் பாரத்தின் அடியில், பணம் பெறுகிறவருக்குச் சேதி எழுத ஒரு துண்டு இடம் உண்டு. ‘புரட்டாசி வாடகை’ என்று எழுதினது போக இடம் மிச்சமிருந்தது. வீணாக்குவானேன் என்று, ‘கக்கூஸ் கதவுத் தாழ்ப்பாள் கழன்றுவிட்டது’ என்றும் எழுதினேன். அண்ணாச்சி பணத்தை மறுத்தாரே தவிர, சேதியைப் படித்திருக்கிறார். மறுநாள் மாலை பார்த்தால் கக்கூஸ் கதவில் புதுத் தாழ்ப்பாள். சாதாரணத் தாழ்ப்பாள் இல்லை. புயலுக்குத் தோணிக் கதவை அடைக்கிற மாதிரி ஒரு கன இரும்பு. உள்ளே போனால் திறக்கத் தனிப் பலம் வேண்டும். அடுத்த மாதம், ‘படிக்கட்டு விளக்கு எரியவில்லை’ என்று எழுதினேன். எரிந்தது.

நேரில் பேச்சு கிடையாது. கிணற்றடியில் எதிர்ப்பட்டால், எனக்கு ஒரு முழ தூரத்தில் நின்றுகொண்டு, “மதலேன், வாளியைக் கவுத்தி வைக்கணும்னு சொல்லு” என்பார். மதலேன் அக்கா குசினிக்குள்ளிருந்து, “கேட்டுக்கிட்டாவ” என்று எனக்காகப் பதில் சொல்லிவிடுவார். குசினி என்பது அவர்கள் வீட்டில் அடுக்களைக்குப் பெயர். போர்த்துக்கீசியர்கள் போனாலும் அவர்கள் அடுக்களை போகவில்லை.

மொட்டைமாடியில் ஒரு நாள் நடுவே தென்னங்கயிறு ஒன்று கட்டப்பட்டிருந்தது. வடக்குப் பாதி அவருக்கு, தெற்குப் பாதி எங்களுக்கு. வாடைக் காற்று வடக்கிலிருந்து வரும் என்பதை அவரைவிட அறிந்தவர் யார்? எல்லைக்கு அந்தப் பக்கம் கருவாடு இரண்டு பங்கு கூடியது. சீலா மீனெல்லாம் சேர்ந்து எங்கள் வீட்டைப் பார்த்துத் தலைவைத்துப் படுத்திருந்தன. வடகம் காயப்போட்ட செண்பகம் சொன்னாள், “இந்த வடகத்தை இனி நாம திங்க முடியாது, அவங்கதான் திங்கணும்.”

பெண்கள் இருவரும் மட்டும் சண்டையில் சேரவே இல்லை. நாங்கள் ஆபீசுக்கும் கடற்கரைக்கும் போன பின்னால் கயிற்றின் இரு பக்கமும் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள் என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது.

மார்கழி பிறந்தது. கிறிஸ்துமஸ் நெருங்கியது. அந்த ஊரில் கிறிஸ்துமஸ் என்றால் எங்கள் ஊரில் தீபாவளி மாதிரி, வாசம்தான் முதலில் வரும். மதலேன் அக்காவின் மக்ரூன் தெருவில் பேர் போனது. பண்டிகையன்று தெரு முழுக்கத் தட்டு போகும். அதை அவர்கள் செய்த விதத்தை அப்போது நான் பார்க்கவில்லை, பின்னால் வருஷா வருஷம் பார்த்தேன். அதனால் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

முந்திரியை வெயிலில் காயவைத்து, எண்ணெய் விடாத அளவுக்குக் கரகரப்பாக இடிக்க வேண்டும். சீனியை மாவாகத் திரிக்க வேண்டும். அப்புறம் கோழிமுட்டை. வெள்ளைக்கரு மட்டும்தான். உடைக்கும்போது ஒரு பொட்டு மஞ்சள் கலந்துவிட்டாலும், பாத்திரத்தில் ஒரு சொட்டு எண்ணெயோ ஈரமோ இருந்தாலும் நுரை எழும்பாது. மொத்தமும் வீண். வெள்ளைக்கருவைப் பெரிய பீங்கான் சட்டியில் விட்டு, சுருள் கம்பியால் ஒரே பக்கமாக அடிக்க வேண்டும். அது அண்ணாச்சியின் வேலை. சுக்கான் பிடித்த கை. வாசற்படியில் உட்கார்ந்து, சட்டியைத் தொடைகளுக்கிடையில் இறுக்கிக்கொண்டு, அடித்துக்கொண்டே இருப்பார். முதலில் சோப்பு நுரை மாதிரி வரும். அப்புறம் அலை உடைகிற இடத்து நுரை. கடைசியில் இலவம்பஞ்சு. சரியாக வந்துவிட்டதா என்று பார்க்க அவருக்கு ஒரு வழி உண்டு. சட்டியைத் தூக்கித் தன் வழுக்கைத் தலைக்கு மேலே கவிழ்ப்பார். விழாவிட்டால் பதம். விழுந்த வருஷங்களைப் பற்றி மதலேன் அக்காவிடம்தான் கேட்க வேண்டும்.

பதம் வந்ததும் சீனியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவி அடித்து, முந்திரித் தூளைக் கடைசியில் கையாலேயே, நுரை உடையாமல், கீழிருந்து மேலாக அள்ளிக் கலப்பார் அக்கா. காகிதத்தைக் கூம்பாகச் சுருட்டி, நுனியைக் கத்தரித்து, மாவைப் பிழிந்தால் சின்னச் சின்னக் கோபுரங்கள். தட்டுகளை அப்படியே தெருமுனை ரொட்டிக் கடைக்கு எடுத்துப் போவார்கள். ரொட்டி சுட்டு முடித்து, தணல் வாரிய பிறகு அடுப்பில் ஒரு சாந்தமான சூடு மிச்சமிருக்கும் பாருங்கள், அதில் வைத்துக் கதவைச் சாத்திவிட்டால் விடிகிறவரை மெதுவாகக் காயும். வேகக் கூடாது, காய வேண்டும். நிறம் மாறாமல் வெள்ளையாக, தொட்டால் ஓடு, கடித்தால் உள்ளே லேசான இழுவை, பிறகு ஒன்றுமே இல்லை, கரைந்து போயிருக்கும்.

அந்த வருஷம் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. பண்டிகைக்கு மூன்று நாள் முன்னால் மழை பிடித்துக்கொண்டது. கடல் கல் வீடு என்றேனே, அதில் ஒரு சங்கடம். மழை பெய்தால் கீழ்ச்சுவர் உப்புத் தண்ணீராக வியர்க்கும். மக்ரூனுக்கு எதிரி இரண்டு, ஒன்று ஈரம், இன்னொன்று பிள்ளைகள். டப்பாவை எத்தனை இறுக்கி மூடியும் கீழ்வீட்டில் வைத்தது நமுக்கத் தொடங்கியது. வீட்டில் காய்ந்த இடம் ஒன்றே ஒன்றுதான். எங்கள் மாடி அடுக்களையில் விறகடுப்புக்கு மேலே உள்ள பரண்.

அண்ணாச்சி கோயிலில் குடில் கட்டப் போன நேரமாகப் பார்த்து, மதலேன் அக்கா இரண்டு பெரிய தகர டப்பாக்களைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு வந்தார். நான் வீட்டில் இல்லை. செண்பகத்திடம், அண்ணாச்சிக்குத் தெரிய வேண்டாம், பண்டிகையன்று காலையில் எடுத்துக்கொள்கிறேன் என்றாராம். எதிரி நாட்டில் பொக்கிஷத்தை ஒளித்துவைக்கிற முதல் ராணி அவராகத்தான் இருக்க வேண்டும்.

எனக்குச் சொல்லப்பட்டது, “அக்கா பலகாரம் வச்சிட்டுப் போயிருக்காவ, நமக்கும் ரெண்டு குடுத்தாவ” என்பது மட்டும். ஒன்று தின்றேன். என்ன போட்டிருக்கிறது என்று கேட்டேன். “முந்திரியும் சீனியும்” என்றாள் செண்பகம், என்னைப் பார்க்காமல். இன்னும் ஒன்று தின்றேன். மறுநாள் இரண்டைச் சட்டைப் பையில் வைத்து ஆபீசுக்கு எடுத்துப் போய், நடராஜனுக்குக்கூடக் காட்டாமல், துறைமுகக் கேட்டுக்கு வெளியே லாரிகளுக்கு நடுவில் நின்று தின்றேன். எதிரியின் பலகாரம் இவ்வளவு ருசியாக இருக்கலாமா என்று ஒரு வருத்தம் மட்டும் இருந்தது.

பண்டிகைக்கு முந்தின நாள் அத்தை வந்து இறங்கினாள். ஏழாம் மாசம், மகளைச் சீராட்டி ஊருக்கு அழைத்துப் போக வேண்டும் என்பது ஒரு காரணம். வீட்டைக் காலி பண்ணச் சொன்னது தன்னால்தான் என்று தெரிந்து, அந்த மனிதனை ஒரு பிடி பிடித்துவிட்டுப் போக வேண்டும் என்பது இன்னொன்று. எனக்கு அன்றிரவு தூக்கமே இல்லை. ஒரே கூரையின் கீழ் இரண்டு வெடிமருந்து.

கிறிஸ்துமஸ் காலையில் மழை விட்டு நல்ல வெயில். அண்ணாச்சி புதுச் சட்டையோடு பூசை முடிந்து வந்தவர், தெருவுக்குத் தட்டு அனுப்ப டப்பா எங்கே என்று கேட்டிருக்கிறார். மதலேன் அக்கா மேலே கையைக் காட்டினார். பிறகு படிக்கட்டில் காலடி. மூன்று மாதத்துக்குப் பிறகு முதல் முறையாக அவர் எங்கள் வாசலில் வந்து நின்றார். பின்னால் அக்கா, மூச்சு வாங்கிக்கொண்டு.

அவர் பார்த்த காட்சி இதுதான். கூடத்து நடுவில் தகர டப்பா ஒன்று திறந்திருக்கிறது. பக்கத்தில் சம்மணமிட்டு அத்தை. நெற்றியில் திருநீறு. கையில் ஒரு மக்ரூன். அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, “பஞ்சு மாதிரில்லா இருக்கு, யாரு செஞ்சா?” என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். செண்பகம் அடுக்களை வாசலில் வாயில் சேலையை வைத்துக்கொண்டு நிற்கிறாள்.

மக்ரூன் அத்தையின் வாயை நெருங்கியது.

அந்தக் கணத்தில் அண்ணாச்சி ஒன்றும் செய்யாமல் நின்றிருந்தால் போதும். தன் வீட்டைக் கிட்டங்கி என்ற பொம்பளை, கருவாட்டு வாடைக்கே குமட்டினவள், தன் கையாலேயே முட்டையைத் தின்றிருப்பாள். பிறகு வாசலில் நின்று ஒரே ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. அவர் முகத்தில் அந்த எண்ணம் வந்து போனதை நான் பார்த்தேன். கண் கொஞ்சம் சுருங்கியது. மீசை அசைந்தது. வந்தது, நின்றது, போய்விட்டது.

“ஆச்சி, வைங்க கீழ” என்றார். “அதுல முட்டை இருக்கு.”

அத்தையின் கை அந்தரத்தில் நின்றது.

“நீங்க சைவம். தெரியாமத் தின்னுட்டு பிறவு தெரிஞ்சா மனசு சங்கடப்படும். என் வீட்டுல அப்பிடி ஒண்ணு நடக்கக் கூடாது.”

அத்தை மக்ரூனைப் பார்த்தாள். அண்ணாச்சியைப் பார்த்தாள். நான் டப்பாவைப் பார்த்தேன். அதிலிருந்து எத்தனை தின்றிருக்கிறேன் என்று எண்ணிப் பார்த்தேன். மெதுவாகச் செண்பகத்தைத் திரும்பிப் பார்த்தேன். அவள் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா அவளிடம் முதல் நாளே சொல்லிவிட்டாராம். மசக்கைக்காரி ஆசைக்கு முன்னால் சைவமாவது ஒன்றாவது என்று அவள் தின்றிருக்கிறாள். அந்த வீட்டில் விஷயம் தெரியாமல் தின்றவன் நான் ஒருவன்தான்.

அத்தை மக்ரூனைக் கீழே வைக்கவில்லை. விசாரணை தொடங்கினாள்.

“முட்டைன்னா, முழு முட்டையா?”

“வெள்ளைக்கரு மட்டுந்தான்” என்றார் அண்ணாச்சி.

“மஞ்சக்கரு?”

“அது கேக்குக்குப் போயிட்டு” என்றார் மதலேன் அக்கா.

அத்தை யோசித்தாள். வயல் தகராறுகளில் வரப்பு எங்கே போகிறது என்று தீர்த்து வைத்தவள் அவள். அப்போதும் அதே முகம்.

“குஞ்சு ஆகுதது மஞ்சதானே? அப்ப உசிரு அங்கன போயிருக்கு. இங்கன இருக்கது வெறும் தண்ணி.”

சொல்லிவிட்டு வாயில் போட்டாள்.

விஞ்ஞானப்படி இது சரியா என்று கேட்காதீர்கள். அந்தக் கூடத்தில் அதை மறுத்துப் பேசும் ஆள் யாரும் இல்லை. அத்தை கண்ணை மூடி, கரைகிறவரை பொறுத்திருந்து, கண்ணைத் திறந்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது. இனிப்பினாலா என்று தெரியவில்லை.

“அண்ணாச்சி, அன்னைக்கு நான் ஒரு வார்த்தை சொல்லிட்டேன்.”

“எந்த வார்த்தை?”

“கிட்டங்கின்னு.”

அண்ணாச்சி வாசற்படியிலேயே உட்கார்ந்தார். துண்டால் தலையைத் துடைத்துக்கொண்டார். “கருவாடு கிடக்க இடம் கிட்டங்கிதான ஆச்சி. வாயும் வயிறுமா இருக்க பிள்ளைன்னு நானும்தான் யோசிச்சிருக்கணும்” என்றார். பிறகு, இதற்கு மேல் மென்மையாகப் பேசினால் தண்டலுக்கு அழகில்லை என்று நினைத்தாரோ என்னவோ, டப்பாவை எட்டிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். “டப்பா நிறைய இருந்துச்சேவே, பாதிய காணும்?”

சண்டைக்குப் பிறகு அவர் என்னிடம் நேரடியாகப் பேசிய முதல் வாக்கியம் அது. மதலேன் அக்கா முந்திக்கொண்டு, “எலி” என்றார்.

“எலியெல்லாம் துறைமுகத்துக்குக்கூட கொண்டு போகுது போல” என்றார் அண்ணாச்சி. என் சட்டைப் பையில் முந்தின நாள் தூள் ஒட்டியிருந்தது.

மீதியை ஒரு தட்டில் கொட்டி எல்லோரும் சுற்றி உட்கார்ந்து தின்றோம். அத்தை ஊரிலிருந்து கொண்டுவந்த முறுக்கும் அதிரசமும் கீழே போயின. தெருவுக்கு அந்த வருஷம் மக்ரூன் குறைவாகத்தான் போயிற்று. அக்கா அதைக் கேக்கால் ஈடுகட்டினார். மத்தியானம் அண்ணாச்சி மாடிக்குப் போய்க் கயிற்றை அவிழ்த்தார். கருவாட்டுப் பாயைத் தானே சுருட்டிப் பின்வீட்டு மச்சினன் மாடிக்குத் தூக்கிப் போனார். பிள்ளை பிறந்து வளர்கிறவரை அங்கேதான் காய்ந்தது.

தை பிறந்ததும் நான் வாடகையை எடுத்துக்கொண்டு பதினைந்து படி இறங்கினேன். முன்னே மறுத்த மாதங்களுக்கும் சேர்த்து அண்ணாச்சி வாங்கிக்கொண்டார். எண்ணிப் பார்க்கவில்லை. ‘வரப்பெற்றேன்’ எழுதும்போது, “மணியார்டர் கமிசனைக் கழிக்கச் சொன்ன அந்த வக்கீல் யாரு? ஒரு நாள் கூட்டிட்டு வாரும், பாக்கணும்” என்றார். நடராஜன் வந்தார். அண்ணாச்சி அவருக்குக் கொழும்புக் கதை இரண்டு சொல்லி, சீலாக் குழம்பு ஊற்றி அனுப்பினார். சமாதானமாகிவிட்டது என்று கேட்டதில் அந்த மனிதருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

பங்குனியில் எங்களுக்குப் பெண் பிறந்தது. அவளை அதே வீட்டுக்குத்தான் கொண்டுவந்தோம். அவள் பேசிய முதல் வார்த்தைகளில் ஒன்று ‘கொண்டல்’. மழை வருமா என்று கேட்டால் மாடிக்குப் போய் விரலை எச்சில் பண்ணித் தூக்கிக் காட்டுவாள். எட்டு வருஷம் அந்த வீட்டில் இருந்தோம். அதற்குள் எத்தனையோ சண்டை வந்தது. ஒன்றுக்கும் தபால்காரர் தேவைப்படவில்லை.

வேலை மாறிச் சென்னைக்கு வந்தேன். அண்ணாச்சியும் அக்காவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தார்கள். அத்தையும் போனாள். கடைசியாக நான் அந்தத் தெருவுக்குப் போனபோது வீடு இருந்த இடத்தில் நான்கு மாடிக்கு ஒரு லாட்ஜ் நின்றது. கடல் கல்லெல்லாம் எங்கே போயிற்று என்று கேட்டேன். வாசலில் இருந்த பையனுக்குக் கடல் கல் என்றால் என்னவென்று தெரியவில்லை. தெருமுனை ரொட்டிக் கடையில் கரண்டு அடுப்பு வந்துவிட்டது. பாய்மரத் தோணி ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை.

இப்போதும் நாங்கள் வாடகை வீட்டில்தான் இருக்கிறோம், மகள் வீட்டுக்குப் பக்கத்தில். சொந்தக்காரர் ஏதோ வெளிநாட்டில் இருக்கிறார். பதினோரு மாதத்துக்கு ஒரு ஒப்பந்தம், அதை ஒரு ஏஜெண்ட் கொண்டுவருகிறான். வாடகை செல்போனில் போகிறது. சுவரில் எத்தனை ஆணி வேண்டுமானாலும் அடித்துக்கொள்ளலாம். குழாய் ஒழுகினால் ஆள் வருகிறது. இத்தனை வருஷத்தில் ஒரு சண்டை இல்லை. அவர் முகம் எப்படியிருக்கும் என்றும் தெரியாது.

போன தீபாவளிக்குச் செண்பகம் எல்லோருக்கும் பலகாரம் எடுத்துவைத்தாள். எதிர்வீட்டுக்கு, வாட்ச்மேனுக்கு, மகள் வீட்டுக்கு. கடைசியில் ஒரு தட்டு மிஞ்சியது. அதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் கூடத்து நடுவில் நின்றாள்.

“வீட்டுக்காரவுகளுக்கு எங்க கொண்டுபோய்க் குடுக்க?” என்று கேட்டாள்.